பதினெட்டு ட்ரிப் மண் எப்படி 38.88 கன மீட்டர் ஆனது? பி.ஓ.கியூ. வரியையும் அளவு எடுக்கும் முறையையும் புரிந்துகொள்ள

ஒரு சைட்டில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி முடித்த அன்று சூப்பர்வைசர் தம்பி என்னிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். டிப்பர் எத்தனை முறை போனது என்று கோடு போட்டுக் கோடு போட்டு எண்ணியிருந்தார். மொத்தம் 18 ட்ரிப். ஒரு டிப்பருக்கு 3.6 கன மீட்டர், ஆக 64.8 கன மீட்டர். பில்லில் ஏறியதோ 38.88 கன மீட்டர். "சார், கண்ணு முன்னாடி போன மண்ணு எங்க போச்சு?" என்று கேட்டார். அவர் எண்ணியதில் தவறே இல்லை. 38.88-லும் தவறு இல்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

சைட்டில் பி.ஓ.கியூ. என்ற வேலை அளவுப் பட்டியலைப் பற்றிப் பேசாதவர் கிடையாது. ஆனால் "அளவு" என்ற சொல்லை மேஸ்திரி ஒரு பொருளில் சொல்கிறார், ஸ்டோர்கீப்பர் இன்னொரு பொருளில் சொல்கிறார், பில் போடுகிறவர் மூன்றாவது பொருளில் எழுதுகிறார். சண்டைகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. அந்த மூன்றாவது பொருள் என்ன என்பதை வானம் தோண்டுதல், பூச்சு என்ற இரண்டு வேலைகளை மட்டும் வைத்து விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு திரைச்சீலை

தையல்காரர் ஒருவரிடம் ஜன்னல்களுக்குத் திரை தைக்கக் கொடுக்கிறீர்கள். துணியும் அவருடையதே. "தைத்து மாட்டிய திரைக்குச் சதுர மீட்டருக்கு இவ்வளவு" என்று பேசி முடிக்கிறீர்கள். அவர் ஓரம் மடிக்க வேண்டும், துணியின் அகலம் சரியாக வராமல் துண்டு மிஞ்சும், நூல் வேண்டும், கொக்கி வேண்டும். பத்து மீட்டர் துணி வாங்கியிருப்பார். ஆனால் நீங்கள் டேப் பிடித்து அளப்பது ஜன்னலில் தொங்கும் திரையை மட்டும்தான். மடிப்பும் மிஞ்சிய துண்டும் நூலும் அவர் சொன்ன ரேட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

பி.ஓ.கியூ. இந்த ஏற்பாட்டைத்தான் நூற்றுக்கணக்கான வேலைகளுக்கு விரித்து எழுதிய பட்டியல். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. அதை ஐட்டம் என்கிறோம். ஒவ்வொரு ஐட்டத்திலும் ஐந்து விஷயங்கள் இருக்கும்: வேலையின் விவரம், அலகு, உத்தேச அளவு, ரேட், தொகை. அலகு என்பது எதைக் கொண்டு அளக்கிறோம் என்பது. மண்ணும் கான்கிரீட்டும் கன மீட்டரில், பூச்சும் தரையும் சதுர மீட்டரில், குழாய் ரன்னிங் மீட்டரில், கம்பி எடையில், கதவுப் பூட்டு எண்ணிக்கையில்.

அந்த ஐந்தில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது உத்தேச அளவு. டெண்டரில் 40 கன மீட்டர் என்று இருந்தால், 40-க்கும் பணம் வரும் என்று பொருள் இல்லை. அது வேலை தொடங்கும் முன் வரைபடத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு. ஐட்டம் ரேட் ஒப்பந்தத்தில், அதாவது ரேட் மட்டும் நிலையாக இருந்து அளவு பிறகு எடுக்கப்படும் ஒப்பந்தத்தில், வேலை முடிந்த பின் அளந்து வரும் அளவுக்குத்தான் பணம். மொத்தத் தொகை ஒப்பந்தமாக இருந்தால் நிலைமை வேறு. அங்கே வேலை முழுவதற்கும் ஒரே தொகை. வரைபடம் மாறினால்தான் அளவைப் பற்றிய பேச்சே வரும். உங்கள் வேலை இரண்டில் எது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்வதெல்லாம் ஐட்டம் ரேட் ஒப்பந்தத்துக்கு.

இதுவரை பார்த்தது: செலவான பொருளை அளப்பதில்லை, முடிந்த வேலையை அளக்கிறோம். சேதாரம், ஓரம், உபரி எல்லாம் ரேட்டுக்குள் அடங்கியவை.

ஐட்டம் விவரத்தை எப்படிப் படிப்பது

விவரம் நீளமாக இருக்கும், ஒரே வாக்கியமாக இருக்கும், படிக்க அலுப்பாக இருக்கும். ஆனாலும் பணம் அந்த வாக்கியத்துக்குள்தான் இருக்கிறது. வானம் தோண்டும் ஐட்டம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: "சாதாரண மண்ணில் 1.5 மீட்டர் ஆழம் வரை அஸ்திவாரக் குழி தோண்டுதல், பக்கங்களைச் செதுக்குதல், அடிமட்டத்தை இறுக்குதல், தோண்டிய மண்ணை மேலே எடுத்து 50 மீட்டர் தூரத்துக்குள் கொட்டுதல் உட்பட, கன மீட்டர் ஒன்றுக்கு."

இதில் மூன்று இடங்களில் நிதானிக்க வேண்டும். முதலாவது "சாதாரண மண்". குழியில் பாறை வந்தால் அது இந்த ஐட்டம் அல்ல, வேறு ஐட்டம். பாறை எந்த மட்டத்தில் தொடங்கியது என்று அப்போதே அளந்து, இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டி எழுதிவைக்காவிட்டால், பிறகு எல்லாமே சாதாரண மண் கணக்கில்தான் போகும்.

இரண்டாவது அந்த 1.5 மீட்டரும் 50 மீட்டரும். மண்ணை எவ்வளவு உயரம் தூக்குகிறோம் என்பதற்கு லிஃப்ட் என்று பெயர். எவ்வளவு தூரம் கொண்டுபோகிறோம் என்பதற்கு லீட் என்று பெயர். குழி 1.5 மீட்டரைத் தாண்டினால் தாண்டிய பகுதி அடுத்த லிஃப்ட். அதற்குத் தனி ஐட்டமோ கூடுதல் ரேட்டோ இருக்கும். 50 மீட்டருக்கு அப்பால் டிப்பரில் கொண்டுபோகச் சொன்னால் அதற்கும் தனி ஐட்டம் இருக்கிறதா என்று பட்டியலில் தேட வேண்டும். டெண்டருக்கு டெண்டர் இந்த எண்கள் மாறலாம் என்பதால் மனப்பாடம் வேண்டாம், ஒவ்வொரு முறையும் படியுங்கள்.

மூன்றாவது "உட்பட" என்ற சொல். அதற்கு முன்னால் வரும் எதற்கும் தனியாகப் பில் போட முடியாது. கான்கிரீட் ஐட்டத்தில் "சென்ட்ரிங் உட்பட" என்று இருந்தால் பலகையும் முட்டும் அந்த ரேட்டுக்குள். "சென்ட்ரிங் நீங்கலாக" என்று இருந்தால் அது தனி ஐட்டம். கான்கிரீட் தொடும் பலகைப் பரப்பைச் சதுர மீட்டரில் அளந்து எழுத வேண்டும். ஒரே ஒரு சொல்லில் அவ்வளவு பெரிய தொகை மாறிவிடுகிறது. அதனால்தான் "உட்பட", "நீங்கலாக" இரண்டையும் பேனாவால் சுழித்து வைக்கச் சொல்கிறேன்.

காணாமல் போன மண்

இப்போது அந்த 18 ட்ரிப்புக்கு வருவோம். கட்டடம் செவ்வகம். சுவரின் நடுக்கோட்டிலிருந்து நடுக்கோடு வரை ஒரு பக்கம் 10 மீட்டர், மறுபக்கம் 8 மீட்டர். வரைபடத்தில் வானத்தின் அகலம் 0.90 மீட்டர், ஆழம் 1.20 மீட்டர்.

நீளம் எவ்வளவு? நடுக்கோட்டில் சுற்றி வந்தால் 10, 8, 10, 8, மொத்தம் 36 மீட்டர். இதை மையக்கோட்டு நீளம் என்பார்கள். குழியின் வெளி ஓரத்தில் டேப் பிடித்துச் சுற்றி வந்தால் 39.6 மீட்டர் காட்டும். அதில் நான்கு மூலைகளும் இரண்டு முறை எண்ணப்பட்டுவிடும். மையக்கோட்டில் அளந்தால் எந்த மூலையும் இரட்டிப்பதில்லை. ஆக 36 × 0.90 × 1.20 = 38.88 கன மீட்டர்.

ஆட்கள் உள்ளே நின்று வேலை செய்ய இடம் வேண்டும் என்று மேஸ்திரி அகலத்தை 1.20 மீட்டராகத் தோண்டியிருந்தார். அப்படியென்றால் பூமியிலிருந்து உண்மையில் வெளியே வந்தது 36 × 1.20 × 1.20 = 51.84 கன மீட்டர். கூடுதலாகத் தோண்டியது 12.96.

அப்புறம் இன்னொன்று. தலையணையைப் பிரித்துப் பஞ்சை வெளியே எடுத்தால் அதைத் திரும்ப அதே உறைக்குள் அடக்க முடியாது. மண்ணும் அப்படித்தான். பூமிக்குள் இறுகிக் கிடந்த மண் தோண்டியதும் உதிர்ந்து, நடுவில் காற்று புகுந்து, பருத்துவிடும். இதற்கு மண் பருத்தல் என்று பெயர். சாதாரண மண் 20 முதல் 30 சதவீதம் வரை பருக்கும். நம் கணக்குக்கு 25 சதவீதம் என்று வைத்தால், 51.84 கன மீட்டர் மண் டிப்பரில் 64.8 கன மீட்டராக ஏறுகிறது. கூடியது மறுபடியும் 12.96. இந்த 64.8-ஐ 3.6-ஆல் வகுத்தால் சரியாக 18 ட்ரிப்.

ஆக மண் எங்கும் காணாமல் போகவில்லை. 64.8-க்கும் 38.88-க்கும் நடுவில் இருக்கும் 25.92-இல் பாதி காற்று, மீதிப் பாதி நாம் விரும்பி அகலமாகத் தோண்டியது. குழி தோண்டும் ஐட்டம் மண்ணைப் பூமியில் கிடந்த நிலையில், வரைபடம் சொன்ன அகலத்தில், பக்கங்கள் செங்குத்தாக இருப்பதாக வைத்துத்தான் அளக்கிறது. இப்படி வரைபட அளவில் மட்டும் எடுப்பதை நிகர அளவு என்பார்கள்.

தம்பிக்கு இது புரிந்ததும் அடுத்து ஒன்று கேட்டார்: "அப்ப அகலமாத் தோண்டினதுக்குக் காசே இல்லையா?" ஒப்பந்தத்தில் வேலை இடம் என்று தனியாக ஒரு அகலம் அனுமதிக்கப்பட்டிருந்தால் உண்டு. இல்லாவிட்டால் இல்லை. நஷ்டம் அதோடு நிற்பதும் இல்லை. அகலமாகத் தோண்டியதைத் திரும்ப மண் போட்டு நிரப்பி, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்க வேண்டும். அந்த நிரப்புதலும் நிகர அளவில்தான் அளக்கப்படும் என்பதால் அந்த உழைப்புக்கும் பணம் வராது. ஆழத்தில் தவறு நடந்தால் இன்னும் மோசம். 1.20-க்குப் பதில் 1.30 தோண்டிவிட்டால், அடியில் கூடிய 10 சென்டிமீட்டரை மண் போட்டு மேடாக்க அனுமதிக்க மாட்டார்கள். கான்கிரீட் போட்டு நிரப்பச் சொல்வார்கள். அது ஒப்பந்தக்காரர் செலவு.

மண் தானாகச் சரிந்து, பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டிய நிலை வந்தால் வெட்டும் முன்பே இன்ஜினியரிடம் எழுத்தில் உத்தரவு வாங்க வேண்டும். வெட்டிய பிறகு கேட்டால், சரிந்ததா சரித்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

சுருக்கமாக: ட்ரிப் எண்ணிக்கை டிப்பர்காரருக்குப் பணம் கொடுக்க உதவும். குழி தோண்டிய பில்லுக்கு வரைபட அகலமும், மையக்கோட்டு நீளமும், அளந்த ஆழமும்தான் வேண்டும். ஆழத்தை அளக்கத் தோண்டும் முன் இருந்த தரைமட்டம் தெரிய வேண்டும். அதைத் தோண்டுவதற்கு முன்னால்தான் எடுக்க முடியும்.

பூச்சில் கதவையும் ஜன்னலையும் கழிப்பது

மண்ணில் காற்று ஏமாற்றியது போலப் பூச்சில் ஓட்டைகள் ஏமாற்றும். சுவரில் கதவு இருக்கும் இடத்தில் பூச்சு இல்லை, எனவே அதைக் கழிக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்தத் திறப்பின் உள் ஓரங்களில், சுவரின் கனத்தில், பூச்சு உண்டு. சிறிய ஜன்னலானால் அந்த ஓரம் பூசுவதுதான் கொத்தனாருக்கு அதிக நேரம் பிடிக்கும். கழித்ததையும் கூட்டியதையும் ஒவ்வொரு ஓட்டைக்கும் அளந்துகொண்டிருந்தால் பில் போட வாரக்கணக்கில் ஆகும். அதனால் அளவு விதிகள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கின்றன.

எந்த அளவு விதி பொருந்தும் என்று டெண்டரிலேயே இருக்கும். இந்தியாவில் பொதுவாகக் குறிப்பிடப்படுவது ஐ.எஸ். 1200. இரண்டு முகமும் பூசிய சுவருக்கு அதன் விதி இப்படிப் போகிறது. 0.5 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழித்தலே இல்லை, ஓரங்களைக் கூட்டுவதும் இல்லை. 0.5-க்கு மேல் 3 சதுர மீட்டர் வரை இருந்தால் ஒரு முகத்தில் மட்டும் கழித்தல், ஓரங்களைக் கூட்டுவதில்லை. 3 சதுர மீட்டருக்கு மேல் போனால் இரண்டு முகத்திலும் கழித்துவிட்டு, ஓரங்களை அளந்து கூட்ட வேண்டும்.

ஒரு சுவரில் போட்டுப் பார்ப்போம். நீளம் 6 மீட்டர், உயரம் 3 மீட்டர், பூச்சு இரண்டு முகமும், சுவர்க் கனம் 0.23 மீட்டர். அதில் 0.60 × 0.60 வென்டிலேட்டர் ஒன்று, 1.00 × 2.10 கதவு ஒன்று, 2.40 × 2.10 ஷட்டர் திறப்பு ஒன்று.

மொத்தப் பரப்பு 2 × 6 × 3 = 36 சதுர மீட்டர். வென்டிலேட்டர் 0.36 சதுர மீட்டர்தான்; அதைத் தொட வேண்டாம். கதவு 2.10 சதுர மீட்டர். ஒரு முகத்துக்கு மட்டும் 2.10 கழிக்கிறோம். ஷட்டர் 5.04 சதுர மீட்டர். இரண்டு முகத்துக்கும் சேர்த்து 10.08 கழிக்கிறோம். ஷட்டருக்கு ஓரம் கூட்ட வேண்டும்: பக்கங்கள் 2.10 வீதம் இரண்டு, மேலே 2.40, மொத்தம் 6.60 மீட்டர் நீளம். அதை 0.23-ஆல் பெருக்கினால் 1.52. கீழே தரை என்பதால் அங்கே ஓரம் இல்லை. ஆக 36 − 2.10 − 10.08 + 1.52 = 25.34 சதுர மீட்டர்.

விதி தெரியாத ஒருவர் மூன்று திறப்புகளையும் இரண்டு முகத்திலும் கழித்து, ஓரங்களை மறந்துவிட்டால் 21.00 சதுர மீட்டர்தான் எழுதுவார். ஒரே சுவரில் 4.34 சதுர மீட்டர் போய்விடும். எதிர்ப்பக்கத் தவறும் நான் பார்த்திருக்கிறேன்: ஒரு முகத்தில் மட்டும் கழித்த கதவுக்கு ஓரத்தையும் கூட்டி எழுதிவிடுவார்கள். கதவின் மறுமுகத்தைக் கழிக்காமல் விட்டதே அந்த ஓரத்துக்காகத்தான். கூட்டினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கேட்டதாகிவிடும். சரிபார்க்கிறவர் அதைக் கண்டுபிடித்தால் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குவார்.

உண்மையில் பூசிய பரப்பை ஓரங்களோடு சேர்த்துத் துல்லியமாக அளந்தால் இந்தச் சுவரில் 24.27 வரும். விதி தருவது 25.34. கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் ஓரம் பிடித்துப் பூசும் வேலை சமதளப் பூச்சை விடக் கடினம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அது நியாயமாகவே எனக்குப் படுகிறது. செங்கல் கட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் கழித்தல் வரம்பு வேறு, அங்கே 0.1 சதுர மீட்டர் வரையுள்ள திறப்பைத்தான் கழிக்காமல் விடுகிறார்கள். பூச்சு விதியைக் கட்டு வேலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டியது: முதலில் திறப்பின் பரப்பைக் கணக்கிடுங்கள், பிறகு அது எந்த வரம்புக்குள் வருகிறது என்று பாருங்கள். கழிப்பதும் கூட்டுவதும் அதற்கு அப்புறம்தான்.

அளவுப் புத்தகத்தில் எழுதும்போது

சைட்டில் எம்.புக் என்று சொல்லும் அளவுப் புத்தகத்தில் ஒவ்வொரு வரிக்கும் விவரம், எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம் அல்லது ஆழம், அளவு என்ற கட்டங்கள் இருக்கும். நம் வானம் அதில் 1 × 36.00 × 0.90 × 1.20 = 38.88 என்று ஏறும். 36 என்று எழுதாமல் 36.00 என்று எழுதுவது அழகுக்காக அல்ல. அளவு 0.01 மீட்டர் வரை எடுக்கப்பட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பின்னால் யாரும் ஓர் இலக்கத்தைச் சேர்க்கவும் இடம் இருக்காது. கழிக்காமல் விட்ட வென்டிலேட்டரையும் அளவோடு எழுதி, "0.5-க்குள், கழித்தல் இல்லை" என்று குறித்துவிடுங்கள். எழுதாவிட்டால் மறந்துவிட்டதாக நினைப்பார்கள்.

பூச்சை எப்போது வேண்டுமானாலும் போய் அளக்கலாம். மூடப்படும் வேலைக்கு அந்த வசதி இல்லை. குழியின் ஆழம், அடியில் போட்ட பி.சி.சி. என்ற கம்பியில்லாக் கான்கிரீட்டின் கனம், கான்கிரீட்டுக்குள் போகும் கம்பி, இவற்றுக்கெல்லாம் ஒரே ஒரு வாய்ப்புதான். இரு தரப்பும் சேர்ந்து நின்று அளந்து, மூடுவதற்கு முன் கையெழுத்துப் போட வேண்டும். அளந்தது வரைபடத்தை விடக் குறைவாக இருந்தால் குறைந்த அளவுக்குத்தான் பணம். அதிகமாக இருந்து அதற்கு உத்தரவு இல்லாவிட்டால் வரைபட அளவுக்குத்தான் பணம்.

கம்பியில் இது இன்னும் நுணுக்கம். தராசில் வைத்து எடை போடுவதில்லை. நீளத்தை அளந்து, மீட்டருக்கு இத்தனை கிலோ என்று பெருக்குகிறோம். மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கான எடை கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுத்தால் 0.89 கிலோ. ஆறு மீட்டர் நீளத்தில் 60 கம்பி என்றால் 360 மீட்டர், 320.4 கிலோ. வரைபடப்படி ஒன்றின் மேல் ஒன்று போட்டுக் கட்டும் இணைப்பு நீளம் இதில் சேரும். வெட்டி மிஞ்சிய துண்டும் கட்டுக்கம்பியும் சேராது; அவை ரேட்டுக்குள்.

மேல்வரிசைக் கம்பி கீழே இறங்காமல் தாங்கிப் பிடிக்க வளைத்து வைக்கும் சேர் கம்பிகளை இன்ஜினியர் அனுமதித்திருந்தால் அவற்றின் எடையும் பில்லில் சேரும். நான் பார்த்த ஒரு தளத்தில் அவை நூற்றுக்கு மேல் இருந்தன. வரைபடத்தில் அவற்றைக் காட்டும் வழக்கம் இல்லை. சூப்பர்வைசர் முதன்மைக் கம்பிகளையெல்லாம் எண்ணி எழுதினார். சேர் கம்பிகளைக் கான்கிரீட் போட்ட மறுநாள் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பில்லைச் சரிபார்த்தவர் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டு, ஓரத்தில் "அளவு எடுத்த பதிவு இல்லை" என்று எழுதினார்.